சாய்ந்த பலகையில் ஒரு பெட்டி: விசைப் படத்தைப் படிக்கும் விதம்

லாரியில் சாமான் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பலகையின் நீளம் 2 மீட்டர். அதன் மேல்முனை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், லாரியின் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. பலகையின் நடுவில் 10 கிலோ எடையுள்ள மரப்பெட்டி ஒன்று யாரும் பிடிக்காமலே அசையாமல் நிற்கிறது. பெட்டிக்கும் பலகைக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.8. பெட்டியின் மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு?

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பத்தில் ஏழு பேர் 64 நியூட்டன் என்று எழுதுவார்கள். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, விடை மட்டும் தப்பு. சரியான விடை 60 நியூட்டன். இந்த நாலு நியூட்டன் வித்தியாசம் கணக்குப் பிழையால் வந்ததில்லை. படத்தை வரைந்துவிட்டு அதைப் படிக்காமல் விட்டதால் வந்தது. எப்படிப் படிப்பது என்பதை இந்த ஒரே பெட்டியை வைத்துப் பார்ப்போம்.

முதலில் படம். தனித்த பொருளின் விசைப் படம் என்று பாடப்புத்தகம் சொல்வதில் ‘தனித்த’ என்ற சொல்தான் முக்கியம். பெட்டியை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு தாளில் வைக்கிறோம். லாரி, பலகை, தரை எல்லாம் காணாமல் போய்விட வேண்டும். அவை பெட்டிக்குச் செய்துகொண்டிருந்த வேலை மட்டும் அம்புக்குறிகளாக மிஞ்ச வேண்டும். பெட்டி பலகையை அழுத்துகிறதே, அதை வரையலாமா? கூடாது. அது பலகையின் மேல் விழும் விசை. பலகைக்குப் படம் போடும்போது வரும்.

ஒவ்வொரு அம்பையும் வரையும்போது ‘இதை யார் கொடுக்கிறார்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலாக ஒரு பொருளின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த அம்பை அழித்துவிடலாம். பெட்டியை யார் யார் தொடுகிறார்கள்? பலகை மட்டும்தான். தொடாமல் இழுப்பது யார்? பூமி. அவ்வளவுதான், வேறு ஆள் கிடையாது. பூமி 10 கிலோ பெட்டியை நேராகக் கீழே இழுக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று g-யின் மதிப்பை 10 என்று எடுத்துக்கொண்டால் அது 100 நியூட்டன். பலகை தன் பங்குக்கு ஒரு விசையைக் கொடுக்கிறது. அந்த ஒன்றை வசதிக்காக இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். பலகையின் பரப்பிலிருந்து பெட்டியை வெளியே தள்ளும் பகுதிக்கு N என்று பெயர். பரப்பை ஒட்டியே செயல்படும் பகுதிக்கு உராய்வு என்று பெயர், அதை f என்போம். ஆக மூன்று அம்புகள்.

பெட்டி சறுக்கும் கணக்குகளில் பிள்ளைகள் நாலாவதாக ஓர் அம்பு போடுவதைப் பார்க்கலாம். பலகையை ஒட்டிக் கீழ்நோக்கிப் போட்டு, பக்கத்தில் ‘இயக்க விசை’ என்று எழுதியிருப்பார்கள். அதைக் கொடுப்பது யார் என்று கேட்டால் விழிப்பார்கள். பெட்டியைச் சறுக்க வைப்பது புவியீர்ப்பின் ஒரு பங்குதான், அதற்கான அம்பு ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. அதேபோல் ma என்பதும் விசை கிடையாது. எல்லா அம்புகளையும் கூட்டினால் மிஞ்சும் தொகை அது. சமன்பாட்டின் மறுபக்கத்தில் உட்கார வேண்டியதைப் படத்துக்குள் கொண்டுவந்தால் ஒரே விசையை இரண்டு முறை எண்ணியது போலாகும்.

N என்ற அம்பைப் பற்றித் தமிழில் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் இதற்குச் ‘செங்குத்து விசை’ என்று பெயர். பேச்சில் செங்குத்து என்றால் நிமிர்ந்து மேலே போவது: செங்குத்தான பாறை, செங்குத்தான படிக்கட்டு. அதனால் பலர் இந்த அம்பை நேராக வானத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறார்கள். இங்கே செங்குத்து என்பது பலகைக்குச் செங்குத்து, பலகையோடு 90 பாகை கோணம். பலகை சாய்ந்திருப்பதால் இந்த அம்பும் சாய்ந்தே இருக்கும். இலங்கைப் பாடநூல்களில் ‘செவ்வன் மறுதாக்கம்’ என்கிறார்கள். காதுக்குப் புதிதாக இருந்தாலும் இந்தக் குழப்பத்தைத் தராத சொல். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

சரி, மூன்று அம்புகளும் வந்தாயிற்று. N பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறது, f பலகையை ஒட்டி இருக்கிறது. எடை மட்டும் இரண்டிலும் சேராமல் குறுக்கே நிற்கிறது. இந்த நிலையில் கிடைக்கோடு, நிமிர்கோடு என்று அச்சுகளை எடுத்தால் N, f இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். அச்சுகளைப் பலகையோடு சேர்த்துச் சாய்த்துவிட்டால் எடை ஒன்றை மட்டும் பிரித்தால் போதும். இதில் வேறு ஒரு லாபமும் இருக்கிறது. பெட்டி நகர்ந்தால் பலகை வழியாகத்தான் நகரும். பலகைக்குள் புதையவும் போவதில்லை, மேலே பறக்கவும் போவதில்லை. எனவே பலகைக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் எப்போதும் சுழி. நகர்வு பற்றிய கேள்வி முழுவதும் ஒரே அச்சில் அடங்கிவிடுகிறது.

எடையைப் பிரிக்கும்போது sin எங்கே, cos எங்கே என்பதுதான் அடுத்த தடுக்கல். பலகைக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம் θ. விசைப் படத்தில் அதே θ, எடைக்கும் பலகைக்குச் செங்குத்தான கோட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும். ஏன் என்று வடிவியலால் நிறுவலாம். ஆனால் தேர்வு அறையில் அதைவிட வேகமான சோதனை ஒன்று உண்டு. பலகையைத் தரையில் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கோணம் சுழி. அப்போது பெட்டியைப் பலகை வழியே இழுக்க எதுவும் இருக்காது, முழு எடையும் பலகையை அழுத்தும். கோணம் சுழியானால் சுழியாவது sin. எனவே பலகை வழியே இழுப்பது mg sin θ, பலகையை அழுத்துவது mg cos θ. மனப்பாடம் செய்து மாற்றிப் போடுவதைவிட, ஒவ்வொரு முறையும் மனத்தில் பலகையைப் படுக்க வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு.

நம் பலகைக்குக் கோணத்தை அளக்கவே தேவையில்லை. நீளம் 2 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் என்றால் sin θ = 1.2/2 = 0.6. அடிப்பக்கம் 1.6 மீட்டர் வரும், எனவே cos θ = 0.8. தேர்வுத் தாள்களில் அடிக்கடி வரும் ‘37 பாகை’ இதுதான். 3-4-5 முக்கோணம் ஒளிந்திருப்பதால் கேள்வி எழுதுபவர்களுக்கு அது செல்லக் கோணம்.

ஆக, பலகை வழியே கீழ்நோக்கி 60 நியூட்டன், பலகைக்குள் அழுத்துவது 80 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 140 வருகிறதே, எடை 100 தானே என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. இவை செங்கோணத்தில் இருக்கும் கூறுகள். வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 3600 + 6400 = 10000, அதன் வர்க்கமூலம் 100. இந்த இரண்டு கூறுகளையும் வரைந்த பிறகு பழைய எடை அம்பின் மேல் ஒரு சின்ன வெட்டுக்கோடு போட்டுவிடுங்கள். எடையும் இருக்கிறது, அதன் கூறுகளும் இருக்கின்றன என்றால் பூமி இரண்டு முறை இழுப்பதாகப் படம் சொல்லும்.

இந்த 60 நியூட்டன் எங்கிருந்து வருகிறது என்பதை sin என்ற சொல்லே இல்லாமல் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின், 1586-இல் வெளியிட்ட நூலில் ஒரு படம் போட்டார். ஒரு முக்கோணக் கட்டையின் ஒரு சரிவு மற்றதைப் போல இரண்டு மடங்கு நீளம். அதன் மேல் சம இடைவெளியில் 14 குண்டுகள் கோத்த ஒரு மாலை கிடக்கிறது. நீளமான சரிவில் 4 குண்டுகள், குட்டையான சரிவில் 2, மீதி 8 அடியில் தொங்குகின்றன. மாலை தானாகச் சுற்றுமா? சுற்றினால் ஒவ்வொரு குண்டும் அடுத்ததன் இடத்துக்குப் போகும், நிலைமை அப்படியே இருக்கும், ஆகவே ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது என்றார் ஸ்டெவின். தொங்கும் பகுதி இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அதை வெட்டி எறிந்துவிடலாம். அப்படியானால் நீளச் சரிவின் 4 குண்டுகளும் குட்டைச் சரிவின் 2 குண்டுகளும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. உயரம் ஒன்றே, ஆனால் சரிவு இரண்டு மடங்கு நீளமானால் ஒவ்வொரு குண்டின் இழுப்பும் பாதியாகிறது. நம் லாரிக்கு இதைக் கொண்டுவந்தால், 2 மீட்டர்ச் சரிவில் இருக்கும் 10 கிலோவை 1.2 மீட்டர் நேர் உயரத்தில் தொங்கும் 6 கிலோ சமன் செய்யும். அதுதான் நம் 60 நியூட்டன்.

இனிப் படத்தைப் படிக்கலாம். எப்போதும் பலகைக்குச் செங்குத்தான திசையில் தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே விடை நிச்சயம். முடுக்கம் சுழி, எனவே வெளியே தள்ளுவதும் உள்ளே அழுத்துவதும் சமம். N = 80 நியூட்டன். N என்றாலே mg என்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள் 100 என்று போட்டிருப்பார்கள். அது படுத்த தளத்துக்கு மட்டும், அதுவும் வேறு யாரும் மேலே கீழே தள்ளாதபோது மட்டும், பொருந்தும் விடை.

N தெரிந்தவுடன் உராய்வின் உச்சவரம்பு தெரிந்துவிடும்: 0.8 × 80 = 64 நியூட்டன். இந்த இடத்தில்தான் அந்தப் பத்தில் ஏழு பேர் நின்றுவிடுகிறார்கள். 64 என்பது பலகையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. இப்போது அது எவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. பர்ஸில் 64 ரூபாய் இருக்கிறது என்பதற்காக 60 ரூபாய்ச் சாமானுக்கு 64 கொடுக்க மாட்டோம். பெட்டி அசையவில்லை என்று கேள்வியே சொல்கிறது. ஆகவே பலகை வழியே உள்ள அம்புகளின் கூட்டல் சுழி. கீழே 60 இழுக்கிறது, மேலே பிடிக்க உராய்வு ஒன்றுதான் இருக்கிறது. f = 60 நியூட்டன், மேல்நோக்கி. உண்மையிலேயே 64 நியூட்டன் மேல்நோக்கி இருந்திருந்தால் பெட்டி தானாகப் பலகையில் ஏறத் தொடங்கியிருக்கும். தப்பான விடையை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: அந்த எண்ணைப் படத்தில் எழுதிவிட்டு, பெட்டி என்ன செய்யும் என்று படத்தையே கேட்க வேண்டும்.

ஓய்வுநிலை உராய்வு எப்படிப்பட்ட ஆள் என்பது, பெட்டியை ஒருவர் பலகை வழியே மேல்நோக்கித் தள்ளத் தொடங்கும்போது நன்றாகத் தெரியும். அவர் 20 நியூட்டன் விசையோடு தள்ளுகிறார், பெட்டி நகரவில்லை. இப்போது உராய்வு 40 போதும், மேல்நோக்கி. அவர் 60 நியூட்டனுக்கு வந்துவிட்டால் உராய்வுக்கு வேலையே இல்லை, f சுழி. சொரசொரப்பான பலகைதான், குணகம் 0.8 தான், ஆனாலும் உராய்வு விசை சுழி. இதை நம்ப மறுக்கும் பிள்ளைகள் உண்டு, மறுப்பதில் தப்பில்லை, படத்தைப் பார்த்து ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும். தள்ளுவது 100 ஆனால்? கீழே 60, மேலே 100. பெட்டி மேலே நழுவப் பார்க்கிறது, ஆகவே உராய்வு இப்போது திசை மாறிக் கீழ்நோக்கி 40 நியூட்டன் கொடுக்கிறது. அம்பு திரும்பிவிட்டது, பெட்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் இங்கே இயக்கமே இல்லை. உராய்வு எதிர்ப்பது நழுவலை, அல்லது நழுவப் பார்ப்பதை. திசை தெரியவில்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு: பலகையில் எண்ணெய் ஊற்றியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெட்டி எந்தப் பக்கம் ஓடுமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் உராய்வு அம்பு. அதுவும் பிடிபடவில்லையா, ஏதோ ஒரு பக்கம் f என்று போட்டுவிட்டுக் கணக்கைப் போடுங்கள். விடை கழித்தல் குறியோடு வந்தால் அம்பு மறுபக்கம் என்று அர்த்தம். நிற்கும் பெட்டிக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. நழுவும் பெட்டிக்குத் திசையை முதலிலேயே சரியாகப் போட்டாக வேண்டும்.

தள்ளுவது எவ்வளவு ஆனால் பெட்டி ஏறத் தொடங்கும்? எடையின் கூறு 60, உராய்வால் கீழ்நோக்கிக் கொடுக்க முடிந்த அதிகபட்சம் 64. இரண்டையும் சேர்த்து 124 நியூட்டன். அதைத் தாண்டியவுடன் நகரும். μN என்ற சூத்திரத்தைச் சமக்குறியோடு எழுத வேண்டிய தருணம் இதுதான்: இதோ நழுவப் போகிறது என்னும் விளிம்பு. கேள்வியில் ‘நகரத் தொடங்கத் தேவையான’, ‘நகராமல் தடுக்கும் குறைந்தபட்ச’, ‘மட்டுமட்டாக’ போன்ற சொற்கள் இருந்தால் நாம் விளிம்பில் நிற்கிறோம். வெறுமனே ‘நிற்கிறது’ என்று இருந்தால் விளிம்பில் இல்லை, சமநிலையிலிருந்துதான் f வரும்.

இப்போது நடுப்பலகையில் நிற்கும் பெட்டியைக் கீழ்நோக்கி லேசாகத் தட்டிவிடுகிறோம். 60-க்கும் 64-க்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை, சின்னத் தட்டலே போதும், நழுவத் தொடங்கிவிடும். நழுவத் தொடங்கியதும் உராய்வின் குணம் மாறுகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.5 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது f = 0.5 × 80 = 40 நியூட்டன். இந்த முறை சமக்குறி சரிதான், ஏனென்றால் நழுவும்போது பேரம் கிடையாது. கீழே 60, மேலே 40, மிஞ்சுவது 20 நியூட்டன். நிறை 10 கிலோ, எனவே முடுக்கம் 2 மீ/வி². தட்டிய வேகம் மிகச் சிறியது என்று விட்டுவிட்டால், கீழ்முனை வரை உள்ள 1 மீட்டரை அது சரியாக 1 விநாடியில் கடக்கும், அடியில் வேகம் 2 மீ/வி இருக்கும்.

விசைப் படம் முடுக்கத்தைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. உராய்வே இல்லாத வழுவழுப்பான பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கீழிருந்து மேலே எறிந்தால், ஏறும்போது இரண்டு அம்புகள்: எடையும் N-உம். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும் அதே இரண்டு. இறங்கும்போதும் அதேதான். மூன்று படங்களையும் அடுக்கி வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ‘மேல்நோக்கிச் செல்லும்போது முடுக்கத்தின் திசை என்ன?’ என்ற கேள்விக்கு ‘மேலே’ என்று எழுதியவர்கள் பெட்டியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் கீழே என்று பட்டென்று தெரியும். உராய்வு இருக்கும் பலகையில் மட்டும் படம் ஒரு துப்புக் கொடுக்கும். பெட்டி எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் f அம்பு காட்டிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் கடினமான கேள்வி ஒன்று. நம் ஆள் இப்போது பலகை வழியே தள்ளாமல், தரைக்கு இணையாக, கிடைத்திசையில் தள்ளுகிறார். தரையில் நின்றுகொண்டு நெஞ்சு உயரத்தில் தள்ளினால் கைகள் அப்படித்தான் போகும். விசை 100 நியூட்டன். பெட்டி நகருமா, உராய்வு எவ்வளவு?

முன்பு 100-க்குப் போட்ட விடையையே இங்கும் எழுதக் கை பரபரக்கும். ஆனால் இந்த அம்பு நம் சாய்ந்த அச்சுகளோடு பொருந்தாமல் குறுக்கே நிற்கிறது, எனவே இதையும் பிரிக்க வேண்டும். கிடைக்கோட்டுக்கும் பலகைக்கும் இடையே θ. பலகை வழியே மேல்நோக்கி 100 cos θ, அதாவது 80. பலகைக்குள் அழுத்துவது 100 sin θ, அதாவது 60. படுக்க வைத்துப் பார்க்கும் சோதனையை இங்கேயும் செய்யலாம்: பலகை படுத்திருந்தால் கிடைவிசை முழுவதும் பலகை வழியேதான் போகும், எனவே அங்கே cos. எடைக்கு sin வந்த இடத்தில் இதற்கு cos வருகிறது. ‘பலகை வழியே என்றால் sin’ என்று பாடம் செய்தவர்கள் விழுவது இந்தக் குழியில்தான்.

மறுபடியும் செங்குத்துத் திசையில் தொடங்குவோம். உள்ளே அழுத்துவது எடையின் 80, தள்ளுபவரின் 60. எனவே N = 140 நியூட்டன். எடையைவிட N அதிகமாகிவிட்டது. உச்சவரம்பும் கூடவே ஏறி 0.8 × 140 = 112 ஆகிறது. பலகை வழியே மேலே 80, கீழே 60. சமநிலைக்குத் தேவை கீழ்நோக்கி 20 நியூட்டன் உராய்வு. 112 வரை கொடுக்க முடிந்த பலகைக்கு 20 ஒரு பொருட்டே இல்லை. பெட்டி நகராது, f = 20, கீழ்நோக்கி.

எவ்வளவு தள்ளினால் நகரும்? விசையை H என்று வைத்துக்கொண்டு விளிம்பில் எழுதினால்:

```
பலகைக்குச் செங்குத்தாக:  N = 80 + 0.6H
பலகை வழியே:             0.8H = 60 + 0.8N
சேர்த்தால்:               0.8H = 124 + 0.48H
                          H = 387.5 நியூட்டன்
```

பலகை வழியே தள்ளினால் 124, கிடையாகத் தள்ளினால் 387.5. மூன்று மடங்குக்கும் மேல். காரணம் மூன்றாவது வரியில் பளிச்சென்று தெரிகிறது. அவர் ஒவ்வொரு நியூட்டன் கூட்டும்போதும் 0.8 நியூட்டன் ஏற உதவுகிறது, அதே சமயம் உராய்வின் வரம்பு 0.48 கூடிவிடுகிறது. கையில் மிஞ்சுவது 0.32 தான். உராய்வுக் குணகம் 4/3 ஆக இருந்தால் இந்த மிச்சமும் சுழியாகிவிடும். அப்போது யானையைக் கொண்டுவந்து கிடையாகத் தள்ளினாலும் பெட்டி ஏறாது. சாமான் ஏற்றிப் பழகியவர்கள் குனிந்து, பலகைக்கு இணையாகக் கையை வைத்துத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் படம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நாம் பெட்டியை ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டோம். நிஜப் பெட்டிக்கு உயரம் உண்டு, சறுக்குவதற்கு முன்பே குடைசாயவும் அதனால் முடியும். தானாக நிற்கும் நம் பெட்டியின் எடையைச் சுமக்கும் கோடு, பெட்டியின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்கும்போது, அதன் அடிப்பரப்புக்குள் விழ வேண்டும். நம் பலகையின் சாய்வுக்கு, சரிவின் திசையில் 30 செ.மீ. அகலமுள்ள சீரான பெட்டி 40 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் கவிழ்ந்துவிடும். சறுக்குமா கவிழுமா என்று கேள்வி கேட்டால் புள்ளிப் படம் போதாது. அம்புகள் எந்த இடத்தில் தொடுகின்றன என்பதோடு சேர்த்து வரைய வேண்டும்.

கடைசியாக, அதே பெட்டியைப் பலகையின் அடியிலிருந்து 4 மீ/வி வேகத்தில் மேல்நோக்கித் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். கையை எடுத்த பிறகு படத்தில் கைக்கு அம்பு கிடையாது. மேல்நோக்கி நழுவுவதால் உராய்வு கீழ்நோக்கி, 40 நியூட்டன். எடையின் கூறும் கீழ்நோக்கி, 60. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து 100 நியூட்டன், ஆக ஒவ்வொரு விநாடிக்கும் 10 மீ/வி வீதம் வேகம் குறைகிறது. 0.4 விநாடியில், 0.8 மீட்டர் ஏறியதும் பெட்டி நின்றுவிடும்.

அப்புறம் என்ன ஆகும்? ‘திரும்பிக் கீழே வரும்’ என்று எழுதி, எவ்வளவு நேரத்தில் என்று கணக்கும் போட்டுவிடுபவர்கள் அதிகம். நின்ற அந்தக் கணத்தில் பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வரைய வேண்டும். நழுவல் முடிந்துவிட்டது, ஆகவே கீழ்நோக்கிய 40 என்ற உராய்வு அம்பும் முடிந்துவிட்டது. இப்போது பெட்டி கீழே நழுவப் பார்க்கிறது, உராய்வு மேல்நோக்கி. தேவை 60, பலகையால் முடிந்தது 64. பெட்டி அங்கேயே நின்றுவிடும். ஓய்வுநிலைக் குணகம் 0.8-க்குப் பதில் 0.7 என்று கேள்வியில் இருந்திருந்தால் வரம்பு 56 தான், 60-ஐப் பிடிக்க முடியாது. பெட்டி திரும்பி 2 மீ/வி² முடுக்கத்தோடு இறங்கும், ஏறுவதற்கு 0.4 விநாடி எடுத்துக்கொண்ட அதே 0.8 மீட்டரை இறங்க ஏறத்தாழ 0.9 விநாடி எடுத்துக்கொள்ளும்.